கம்பளிக் கோட்டும் பிளேசரும்: ட்ரை கிளீனிங்கா, வீட்டுச் சலவையா? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோட் தைக்கிறவன். தைக்கக் கொடுக்கும்போது கேட்பதை விட, தைத்து வாங்கிப் போனபிறகு வந்து கேட்கிற சந்தேகங்கள்தான் அதிகம். ரிசப்ஷனுக்குத் தைத்த மாப்பிள்ளைகள், ஹைகோர்ட் கிளைக்குப் போய்வரும் வக்கீல்கள், கொடைக்கானல் குளிருக்கு வாங்கியதைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, கோட்ட வீட்ல துவைக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

உள்ளே லைனிங், தோள்பட்டையில் பேட், நெஞ்சுப் பக்கம் விறைப்புக்குக் கேன்வாஸ் துணி வைத்துத் தைத்த கோட் என்றால் கூடாது. இது எதுவும் இல்லாமல் வெறும் கம்பளித் துணியிலோ பின்னலிலோ ஆனது என்றால், பார்த்துச் செய்தால் துவைக்கலாம்.

துணி என்ன என்பதை விட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பாலியஸ்டர் கோட் என்பதற்காகத் தண்ணீரில் போட்டுவிட முடியாது. அதற்குள்ளும் அதே பேட், அதே கேன்வாஸ்தான் இருக்கும்.

நான் வச்சிருக்கிறது உல்லன்தானான்னே தெரியலையே. எப்படிப் பாக்கறது?

முதலில் உள்பாக்கெட்டுக்குள்ளோ பக்கவாட்டுத் தையலிலோ லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். உல் எத்தனை சதவீதம் என்று அதில் எழுதியிருக்கும். துணியின் ஓரத்தில் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று போட்டிருப்பதைச் சதவீதம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கம்பளி இழை எவ்வளவு மெல்லிசு என்பதைச் சொல்லும் எண். எவ்வளவு உல் கலந்திருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லேபல் இல்லாவிட்டால், கீழ்மடிப்பின் உட்பக்கம் மிச்சம் விட்டிருக்கும் துணியிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும், நசுங்காது. வாடையும் வந்து மணியும் நின்றால் இரண்டும் கலந்த டெரிஉல்.

தண்ணி பட்டா அப்படி என்னதான் ஆயிடும்? மழைல நனையாத கோட்டா?

மழையில் நனைந்த கோட்டை அகலமான ஹேங்கரில் மாட்டிக் காற்றாட விட்டால் சரியாகிவிடும். தண்ணீர் மட்டும் கம்பளியைக் கெடுப்பதில்லை. தண்ணீர், சூடு, கசக்கல் மூன்றும் சேரும்போதுதான் வினை. கம்பளி இழையின் மேல்பகுதி முழுக்க, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போல, நுண்ணிய செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ஈரத்திலும் சூட்டிலும் கசக்கும்போது பக்கத்துப் பக்கத்து இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் நகரும், திரும்பி வராது. துணி தடித்து, கெட்டிப்பட்டு, சுருங்கும். அதை இழுத்தாலும் இஸ்திரி போட்டாலும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது.

தைத்த கோட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்துணி, லைனிங், நெஞ்சுக் கேன்வாஸ், காலர் பக்ரம், தோள் பேட் எல்லாம் வேறு வேறு சரக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். ஒரு மாப்பிள்ளை கோட் கதையைச் சொல்கிறேன். கருநீல உல்லன் பிளேசர், ரிசப்ஷன் முடிந்த மறுநாளே வீட்டில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் சுற்றி, டிரையரில் பிழிந்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். கொண்டுவந்து மேசையில் விரித்தால், கை நீளம் குறைந்திருந்தது. லைனிங் சுருங்காததால் மணிக்கட்டிலும் கீழ்மடிப்பிலும் வெளியே தொங்கியது. காலருக்குக் கீழே மடிகிற லேப்பல் நெளிநெளியாக எழும்பி நின்றது. தோள் பேடு ஒரு பக்கம் உருண்டையாகத் திரண்டிருந்தது. பேடை மாற்றினேன், லைனிங்கை வெட்டி மடித்தேன். நெஞ்சையும் லேப்பலையும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ட்ரை கிளீனிங்னா தண்ணியே இல்லாம துவைக்கிறதா? காத்துலயா சுத்தம் பண்றாங்க?

துணி நனையத்தான் செய்கிறது, ஆனால் தண்ணீரில் அல்ல. பெரிய இடங்களில் பெர்குளோரோஎத்திலீன் என்ற திரவம் இருக்கும், சுருக்கமாகப் பெர்க் என்பார்கள். இல்லாவிட்டால் பெட்ரோலிய வகை திரவம். அதனால்தான் நம் ஊரில் ‘பெட்ரோல் வாஷ்’ என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. மூடிய மெஷினில் துணியையும் திரவத்தையும் சுழற்றி, திரவத்தை வடித்து, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்துவார்கள். வடித்த திரவத்தைக் காய்ச்சி வடிகட்டி மறுபடி பயன்படுத்துவார்கள். இந்தத் திரவத்தில் கம்பளி இழை தண்ணீரில் உப்புவதுபோல் உப்பாது, செதில்கள் மாட்டிக்கொள்ளாது. சுருங்காமல் வருவதற்குக் காரணம் அதுதான்.

காய்ச்சி வடிகட்டுவதில் சோம்பல் பட்டால், முந்தின துணிகளின் அழுக்கு உங்கள் துணியில் ஏறும். வெளிர் நிற பிளேசர் சாம்பல் பூத்தாற்போல் மங்கி வந்தாலோ, எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தாலோ, காரணம் பெரும்பாலும் அதுவே. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல் வாஷ் என்ற பெயரைக் கேட்டு வீட்டில் வண்டிப் பெட்ரோலைத் துணியில் தொட்டுத் துடைக்காதீர்கள். அதன் ஆவி அடுத்த அறை அடுப்பு வரை போய்ப் பற்றிக்கொள்ளும்.

காசு குடுத்து ட்ரை கிளீன் பண்ணியும் அக்குள் நாத்தம் போகலையே, ஏன்?

மதுரைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். உடம்பிலிருந்து கோட்டில் ஏறுவது இரண்டு வகை. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கு, மற்றது வியர்வை உப்பு. பிசுக்கை ட்ரை கிளீனிங் திரவம் நன்றாகக் கரைக்கும். உப்பு தண்ணீரில்தான் கரையும், அந்தத் திரவத்தில் கரையாது. குளிர் நாட்டில் ஓவர்கோட் போடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. நம் ஊர் சித்திரை, வைகாசியில் கோட்டுக்குள்ளே நடப்பதே வேறு.

நல்ல கடையில் மெஷினில் போடுவதற்கு முன் வியர்வை பட்ட இடத்தைத் தனியாக, கொஞ்சம் தண்ணீரும் அதற்கான மருந்தும் தொட்டுச் சுத்தம் செய்வார்கள். நீங்கள் சொன்னால்தான் அந்த வேலை நடக்கும். காய்ந்த வியர்வை கறுப்புத் துணியில் கண்ணுக்குத் தெரியாது. கொடுக்கும்போதே கோட்டை உள்பக்கம் திருப்பி, அக்குளையும் காலரின் அடியையும் காட்டி, ‘இங்கே வேர்வை இருக்கு, தண்ணிக் கறை’ என்று சொல்லிப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எடுக்காமல் விட்ட உப்பு அங்கேயே தங்கி நாளடைவில் சாயத்தைத் தின்னும். கறுப்புக் கோட்டின் அக்குள் மட்டும் செம்பட்டையாக மாறுவது இதனால்தான். அப்படி மாறியபின் எந்தச் சலவையாலும் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நான் வக்கீல், தினமும் போடுறேன். வாரா வாரம் கடையில போடணுமா?

வேண்டாம். ஒவ்வொரு சலவையும் சூடும் சுழற்சியும்தான், துணியின் ஆயுசைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரண்டு கோட் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். கறை பட்டால் மட்டும் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

இடையில் வீட்டில் செய்ய வேண்டியது உண்டு. வந்ததும் பீரோவுக்குள் வைக்காமல், அகலமான ஹேங்கரில் மாட்டி ஃபேன் காற்றில் இரவு முழுக்க விடுங்கள். வாரம் ஒருமுறை உள்பக்கம் திருப்பி, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த வெள்ளைத் துணியால் அக்குள் லைனிங்கை ஒற்றித் துடையுங்கள். வியர்வை உப்பு ஓரளவு அதில் வந்துவிடும். நடுவில் மட்டும் துடைத்தால் காய்ந்தபின் வளையம் தெரியும், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுசாகத் துடைத்து ஃபேனில் உலரவிடுங்கள். புதிதாகத் தைப்பவர்கள் அக்குளில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பருத்திப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். அதை மட்டும் கழற்றித் துவைக்கலாம். உள்ளே கை வைத்த பனியன் போட்டாலும் பெரிய உதவி.

போர்டுல ட்ரை கிளீனிங்னு இருக்கு. உள்ள தண்ணில முக்கி இஸ்திரி போட்டுத் தந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சின்னக் கடைகள் பல, துணியை வாங்கி வேறொரு இடத்தில் இருக்கும் மெஷினுக்கு அனுப்புகின்றன. அதில் தப்பில்லை. மெஷின் எங்கே, பெர்க்கா பெட்ரோலா என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

திரும்பி வந்ததும் நான் முதலில் பார்ப்பது உள்பாக்கெட் பையைத்தான். அது பெரும்பாலும் சாதாரணப் பருத்தியோ கலப்புத் துணியோதான். வெளியே இஸ்திரி போட்டவர் அதற்குள் கைவிட்டு இஸ்திரி போட மாட்டார். தண்ணீரில் முக்கியிருந்தால் பை கசங்கிக் கிடக்கும், சில சமயம் மேல்துணிச் சாயமும் ஏறியிருக்கும். இன்னும் உறுதியான வழி, கொடுக்கும் முன் தோள் தையலிலிருந்து கை நுனி வரை இன்ச் டேப்பால் அளந்து குறித்து வைப்பது. திரும்பி வரும்போது அரை இன்ச் குறைந்திருந்தால் தண்ணீரோ அளவுக்கு மீறிய சூடோ பட்டிருக்கிறது.

ரிசப்ஷன்ல சந்தனம், குங்குமம், சாம்பார் எல்லாம் பட்டிருச்சு. அப்பவே தண்ணி தொட்டுத் தேச்சிடலாமா?

தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை இழைக்குள் போகும், அந்த இடம் மட்டும் முடி எழும்பி வெளுத்த மாதிரி ஆகும். சாம்பார் என்றால் கரண்டியின் முனையால் திப்பியை எடுத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றி எடுங்கள். சந்தனமும் குங்குமமும் காயும் வரை தொடாதீர்கள். காய்ந்தபின் மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட்டால் பெரும்பகுதி பொடியாக உதிரும். ஈரக் கை வைத்தால் குங்குமச் சாயம் பரவும். மாலையிலிருந்து விழும் மகரந்தத்தையும் கையால் தட்டாமல் செல்லோடேப்பை ஒட்டி எடுங்கள்.

மறுநாளே கடைக்குப் போய், எங்கே என்ன பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மஞ்சள் கலந்த கறையைச் சொல்லாமல் விட்டு, மேலே சூட்டு இஸ்திரி ஏறிவிட்டால் அது நிலைத்துவிடும்.

கொடைக்கானலுக்குப் போக வாங்கின லைனிங் இல்லாத பின்னல் கோட் இருக்கு. அதை வீட்ல துவைக்கிற முறையைச் சொல்லுங்க.

லேபலில் தொட்டி படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதலில் சாயம் பாருங்கள். உள்மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்தி எடுத்தால் நிறம் ஏறக் கூடாது. அப்புறம் பழைய போர்வை ஒன்றை விரித்து, காய்ந்த கோட்டை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

காலையில் துவைப்பது நல்லது. மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி வரும், அந்தச் சூடே கம்பளியைக் கெட்டிப்படுத்தப் போதும். கை வைத்தால் குளுமையாகத் தெரிகிற தண்ணீரில், கம்பளிக்கென்று விற்கும் நீர்ச் சோப்பை அதன் பாட்டிலில் சொன்ன அளவு கலக்குங்கள். சோப்புத்தூளும் சோப்புக் கட்டியும் வேண்டாம், அவற்றின் காரம் கம்பளியை அரிக்கும். பல தூள்களில் கறை எடுப்பதற்காகப் புரதத்தைக் கரைக்கும் நொதி வேறு இருக்கும். கம்பளியே புரதம்தான். கோட்டை அமுக்கி நனைத்து, மூன்று, நான்கு நிமிடம் மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். ஊறவைக்க வேண்டாம். தூக்கும்போது ஈரத்தின் கனம் இழுக்காதபடி இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். அதே குளுமையுள்ள தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். போரில் உப்புத் தண்ணீர் வருகிற வீடு என்றால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது கார்ப்பரேஷன் நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கிப் பிழியக் கூடாது. பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே அழுத்தினால் தண்ணீர் துண்டில் ஏறிவிடும். இனி அந்தப் போர்வையை விரித்து, சாக்பீஸால் போட்ட கோட்டுக்குள் கோட் பொருந்தும்படி மெதுவாக இழுத்துச் சரிசெய்யுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், அதனால் படுக்கையாகவே காய வேண்டும். கயிற்றுக் கட்டில் வீட்டில் இருந்தால் அதன்மேல் நிழலில் போடுங்கள், அடியிலும் காற்று போகும். கம்பளி உள்ளே ஈரம் வைத்துக்கொண்டே வெளியே காய்ந்த மாதிரி தெரியும். இரண்டு நாள் விட்டு எடுப்பது நல்லது.

எங்க மெஷின்ல உல்லன் மோடு இருக்கு. அதுல போடலாமா?

மெஷினில் துவைக்கலாம் என்று லேபலே சொன்ன ஸ்வெட்டருக்குச் சரி. லைனிங் வைத்த கோட்டுக்குக் கிடையாது. முதல் கேள்வியிலேயே சொன்ன காரணம்தான்.

கறுப்பு கோட்டு முழங்கையிலயும் தையல்லயும் பளபளன்னு மின்னுது. ட்ரை கிளீன் பண்ணா போகுமா?

பாதி போகும், பாதி போகாது. இஸ்திரிப் பெட்டியை நேராகக் கம்பளியின்மேல் வைத்து அழுத்தியதால் இழை படுத்துக்கொண்டு வரும் மினுமினுப்பு ஒன்று. அந்த இடத்தில் ஆவி பிடித்து, ஈரம் இருக்கும்போதே பிரஷ்ஷால் இழையை எழுப்பிவிட்டால் குறையும். முழங்கையில் வருவது தேய்மானம். இழையின் முடி உதிர்ந்துபோன இடம் அது, அதற்கு மருந்து இல்லை.

தெருமுனை வண்டிக்காரரின் கரிப் பெட்டி நல்ல கனம், சூட்டைக் குறைத்துக்கூட்டும் வசதி அதில் இல்லை. அவர் கைப்பழக்கத்தில் சட்டையை அழகாகப் போடுவார். கோட்டைக் கொடுத்தால், ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்து அதன்மேல்தான் பெட்டி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

நெஞ்சுப் பக்கம் கொப்பளம் கொப்பளமா எழும்பியிருக்கு. ட்ரை கிளீன்தானே பண்ணோம், எப்படி வந்துச்சு?

இப்போதைய பெரும்பாலான கோட்டுகளில் கேன்வாஸைத் தைப்பதில்லை. பசைப்புள்ளி வைத்த துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள், ஃப்யூசிங் என்பது அதுதான். அந்தப் பசை விட்டுப்போனால் மேல்துணி தனியாக எழும்பிக் கொப்பளம் தெரியும். பசை மட்டமாக இருந்தாலோ, ட்ரை கிளீனிங்கில் உலர்த்தும் சூடு கூடினாலோ, இஸ்திரியில் ஆவி அதிகமானாலோ வரலாம். கடைக்காரர் மேல் மட்டும் பழி போட முடியாது.

உங்களுடையது எந்த வகை என்று தெரிய, கீழ்ப் பட்டனுக்குச் சற்று மேலே மேல்துணியையும் உட்பக்கத் துணியையும் இரண்டு விரல்களால் பிடித்துப் பிரியுங்கள். நடுவில் தனியாக ஒரு மூன்றாவது துணி நழுவுவது தெரிந்தால் அது தைத்த கேன்வாஸ். மேல்துணி தடிப்பாக, ஒட்டினாற்போல் இருந்தால் ஃப்யூசிங். சின்னக் கொப்பளத்தை ஈரத் துணி வைத்துச் சூட்டில் அழுத்திச் சில நாளைக்கு உட்காரவைக்கலாம், மறுபடி எழும்பும். முன்பக்கத்தைப் பிரித்துப் புதிதாக ஒட்டும் கூலிக்கு, விலை குறைந்த பிளேசரே வாங்கிவிடலாம்.

கடையில கெடுத்துட்டாங்க. பில்லுல ‘சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல’ன்னு அச்சடிச்சிருக்கு. விட்டுட வேண்டியதுதானா?

அந்த ஒரு வரி அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். கொடுக்கும் முன் எடுத்த போட்டோ, கை நீளம் குறித்த பில், வாங்கிய அன்றே கடையிலேயே விரித்துப் பார்த்து எடுத்த போட்டோ, இந்த மூன்றும் இருந்தால் பேச்சு சுலபம். வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் கழித்துப் போனால் யார் கெடுத்தது என்று காட்டுவது கஷ்டம்.

பட்டனை மறந்துவிடாதீர்கள். சில பிளாஸ்டிக் பட்டன்களும், மாப்பிள்ளை கோட்டில் ஒட்டியிருக்கும் கல், சமிக்கியும் பெர்க்கில் இளகிவிடும். அப்படி எதுவும் இருந்தால் கொடுக்கும்போதே காட்டுவது உங்கள் வேலை.

அந்துருண்டை போட்டு, கடைக்காரங்க குடுத்த பிளாஸ்டிக் கவரோடயே பீரோல வச்சிடலாம்ல? வீட்ல கைக்குழந்தை இருக்கு.

கவரோடு வைக்காதீர்கள். ட்ரை கிளீனிங் திரவத்தின் மிச்சம் அதற்குள்ளேயே தங்கும். பெர்க்கைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் வந்த விதி, ட்ரை கிளீனிங்கில் அதை பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சொல்கிறது. தினமும் அதை முகர்ந்து வேலை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நமக்கு, கவரை எடுத்துவிட்டு பால்கனியில் ஒன்றிரண்டு நாள் நிழலில் மாட்டினால் வாடை போய்விடும். வாடை போகும் வரை குழந்தை தூங்கும் அறையில் மாட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தேங்கிப் பூஞ்சணமும் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியைக் கவராகத் தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்துருண்டை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அந்துருண்டை வாடை ஏறிய துணி பட்டால் அவர்களுக்கு ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்கவே வேண்டாம். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி வியர்வையும் உணவுத் துளியும் பட்ட இடத்தைத்தான் முதலில் தின்னும். சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து உள்ளே வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, காலர் அடியையும் பாக்கெட் மூடிக்கு உட்பக்கத்தையும் பிரஷ் போட்டுத் தட்டுங்கள். அந்த மாதிரி மறைவான இடத்தில்தான் பூச்சி பெரும்பாலும் முட்டை வைக்கும்.